கவிகையை விரித்த பெரியவர்

பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர் ஆவதற்கு என் மச்சான் வாசிப்புத் தேர்வு எழுதினார்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டா, பஸ்ஸைக் கழுவிட்டே கிடங்க," என்று என் தங்கை வழியனுப்பினாள்.

வினாத்தாளில், மழை வந்ததும் ஒரு பெரியவர் கவிகையை விரித்தார். கவிகை என்றால் என்ன? விரித்தாரே, பாய்தான் என்று மச்சான் எழுதிவிட்டார். அடுத்த வரியில் பெரியவர் அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி நடந்தார். பாவம், வீடு ஒழுகுகிறது, படுக்க இடம் தேடுகிறார் என்று மச்சானுக்குக் கண் கலங்கியது. அதற்கடுத்த வரியில் காற்றடித்து அதன் கம்பிகள் வளைந்தன.

பாய்க்கு ஏது கம்பி? மச்சான் பாயை அடித்துவிட்டுக் குடை என்று எழுதினார். தேறியும்விட்டார்.

"பாஸாமே, சந்தோஷமா?" என்றாள் தங்கை.

"அத விடு. அந்தப் பெரியவருக்கு வீடு ஒழுகல. அதான் நிம்மதி."