முடித்துவைத்தலுக்கு இரண்டு மதிப்பெண்

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் வங்கிக் கிளைக்குப் பயிற்சி எழுத்தராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோருக்கும் அவள் 'குட்டி மேடம்' ஆகிவிட்டாள். பக்கத்துக் கவுண்டரில் இத்தனை வருடமாகக் குப்பை கொட்டும் எனக்கு யாராவது செல்லப்பெயர் வைத்தார்களா? வைத்திருப்பார்கள், என் காதுபடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் கவுண்டர் காலியாகக் கிடக்கும்போதும் ஜனங்கள் அவள் முன்னால்தான் வரிசை கட்டுவார்கள். "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டால், "பரவால்ல மேடம், அவசரமில்ல" என்பார்கள். போன வாரம் பாஸ்புக்கில் பதிவு போட வந்த என் வீட்டுக்காரரே அந்த வரிசையில் போய் நின்றார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீ பிஸியா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இந்த நிலைமையில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். ஒரு வாடிக்கையாளர் புகாரை அவள் எப்படிக் கையாள்கிறாள் என்று பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாயே திறக்கக் கூடாது. காதுகொடுத்துக் கேட்டல், துல்லியம், விதிமுறையைப் பயன்படுத்துதல், முடித்துவைத்தல் என்று நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். எதிலாவது மூன்றுக்குக் கீழே போனால் வேலை நிரந்தரமாகாது, பயிற்சி இன்னும் மூன்று மாதம் நீளும். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

புகாரோடு வந்தவர் லாண்டரிக்காரர். கடை வைத்த நாளிலிருந்து என் கவுண்டருக்கு வந்தவர், என்னை அக்கா என்று கூப்பிட்டவர். இப்போது என் பக்கம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராக அவளிடம் போனார்.

"பாப்பா, போன மாசம் ஃபோன் நம்பர் மாத்தக் குடுத்தேன். அதுலேர்ந்து எனக்கு ஒரு மெசேஜும் வரல. நேத்து யாரோ ஒருத்தர் கடைக்கே ஃபோன் பண்ணி, 'உங்க கணக்கு மெசேஜ் எல்லாம் எனக்கு வருது'ங்கறார். என் கடைப் பேர் போட்டு வருதாம். எவ்வளவு போட்டேன், எவ்வளவு எடுத்தேன், எல்லாம் அவருக்குத் தெரியுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

நானாக இருந்தால் நடுவிலேயே, "நம்பர் தப்பாக் குடுத்திருப்பீங்க" என்று வெட்டியிருப்பேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் தம்பி கதைக்குப் போனபோதும் அவள் குறுக்கிடவில்லை. எல்லாம் கொட்டி முடித்த பிறகு, "மெசேஜ் வரலங்கறத விட, உங்க கணக்கு விவரம் வேற ஆளுக்குப் போனதுதான் உங்களுக்குக் கஷ்டம். சரியாண்ணா?" என்று கேட்டாள். மனிதரின் முகம் தெளிந்தது. ஐந்து. போடாமல் இருக்க முடியாது.

திரையில் இருக்கும் நம்பரை அவள் வாசித்துக் காட்டவில்லை. முதலில் அடையாள அட்டையை வாங்கினாள், கையெழுத்தை ஒப்பிட்டாள், பிறகு, "உங்க நம்பர நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள். அதுதான் விதி. பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள், அவள் மறக்க மாட்டாளே. போன மாத விண்ணப்பத்தையும் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். கணினியில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் குறியீட்டு எண் இருந்தது.

அவளும் பார்த்துவிட்டாள் என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனால் திரும்பவில்லை.

"தப்பு எங்களோடதுண்ணா. மன்னிச்சிடுங்க."

"யாரும்மா பண்ணது?"

"பேங்க் பண்ணதுண்ணா. சரி பண்ண வேண்டியதும் பேங்க்தான்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். அவள் என்னை மாட்டிவிட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

புதிதாக விண்ணப்பம் வாங்கி நம்பரைத் திருத்தினாள், அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கினாள், லாண்டரிக்காரரின் செல்போனுக்குச் சோதனைச் செய்தி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புகார் எண்ணை எழுதிக் கொடுத்தாள். "ரொம்ப திருப்தி பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஆனால் புகாரை அவள் முடிக்கவில்லை. திரையில் 'நிலுவை' என்றே விட்டிருந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. "ஏன் க்ளோஸ் பண்ணல? அவர்தான் திருப்தின்னுட்டாரே."

"அவர் திருப்திதான் மேடம். ஆனா விவரம் வெளியாளுக்குப் போயிருக்கு. அத மேனேஜருக்கு எழுத்துல குடுக்காம க்ளோஸ் பண்ணக் கூடாது. சாயங்காலம் குடுத்திடறேன். அண்ணாகிட்டயும் மேல தெரிவிப்போம், முடிவு ஃபோன்ல சொல்வோம்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க கோட் நம்பர் அதுல வரும் மேடம். வராம எழுத முடியல."

எனக்கு விதி தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் முடித்துவைத்தலுக்கு இரண்டு போட்டேன். 'வாடிக்கையாளர் திருப்தி தெரிவித்தும் புகார் முடிக்கப்படவில்லை' என்று காரணமும் எழுதினேன். அவள் தாளை வாங்கிப் படித்தாள், கண் கலங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

தாளைக் கொடுக்க மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு பாஸ் ஆனா திங்கட்கிழமையே உங்க பிராஞ்சுக்கு அனுப்பிடறேன் சார். அவங்க குழந்தை அங்கதான் பாட்டிகிட்ட இருக்கு. ஆகலன்னா இன்னும் மூணு மாசம் இங்கயே, அதே கவுண்டர்தான்" என்றார்.

தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அப்படியே வெளியே வந்தேன்.

குழந்தை என்றதும் மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குக் குழந்தை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும், நான் கேட்டதில்லை. என் காதில் விழுந்தது, 'அதே கவுண்டர்தான்' என்பதுதான். என் கையாலேயே அவளை என் பக்கத்தில் இன்னும் மூன்று மாதம் உட்கார வைக்கப் பார்த்தேனே! அந்த வரிசை, அந்த 'பாப்பா', வீட்டுக்காரரின் பாஸ்புக், எல்லாம் இன்னும் மூன்று மாதம்.

அவளை அனுப்ப வேண்டுமென்றால் மதிப்பெண்ணை மாற்ற வேண்டும். மாற்றினால் காரணத்தையும் மாற்றி எழுத வேண்டும். நான் செய்த தப்பை என் கையெழுத்திலேயே எழுதாமல் அந்தக் காரணத்தை எழுத வழியே இல்லை. பேனாவை மூடினேன், திறந்தேன். அவள் கவுண்டரில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டை அடித்து ஐந்து போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். 'நான் தவறாகப் பதிந்ததால் விவரம் மூன்றாம் நபருக்குச் சென்றுள்ளது. மேலிடத்துக்குத் தெரிவிக்கும்வரை புகாரைத் திறந்து வைத்தது சரி' என்று எழுதினேன்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "உங்க தப்புன்னு தெரிஞ்சதுமே நீங்க எழுந்து வந்திருக்கணும். இத நீங்க மதிப்பிட்டிருக்கவே கூடாது" என்றார். எனக்கு மெமோ வரும் என்றும் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "ஆனா உங்களுக்கு எதிரா நீங்களே எழுதியிருக்கீங்க. பெரிய மனசு மேடம்" என்று தானும் கையெழுத்துப் போட்டார்.

செய்தி எனக்கு முன்னால் வெளியே போய்விட்டது. அவள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"முதல்ல ரெண்டு போட்டீங்களே மேடம். அப்புறம் ஏன் மாத்தினீங்க? உங்களுக்கே மெமோ வருமே."

"நீ சீக்கிரம் இங்கேர்ந்து போகணும்னுதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே சிரித்து, என் தோளில் சாய்ந்துகொண்டாள். "மேடம் இப்படித்தான், வாய்தான் கடுகடு" என்று காசாளர் சொன்னார். நான் சத்தியமாகத்தான் சொன்னேன், அங்கே ஒருவர்கூட நம்பவில்லை.