தெற்குச் சாவடியில் ஒரு வரி

மருந்து மொத்தக் கடையில் வேன் ஓட்டுபவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆமை. பின்னால் எத்தனை ஹாரன் அலறினாலும் அவர் பாட்டுக்கு அவர் வேகத்தில்தான் போவார். முதலாளியம்மா மட்டும் "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அன்றைக்கு அதுவும் இல்லை.

"வெள்ளிக்கிழமை வண்டி எங்க போச்சு?"

"வடக்கு ரூட்டும்மா. ஆஸ்பத்திரியில பெட்டி இறக்கிட்டு வந்தேன்."

"அப்ப தெற்குச் சாவடியில எப்படிக் காசு போயிருக்கு?" கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். சுங்கச்சாவடிகளில் தானாகப் பணம் கழியும் வேனின் டோல் டேக் கணக்கு. "தனியா வாடகைக்கு ஓட்டினீங்களா?"

வேலை போய்விடுமோ என்று ஆமை பயந்தார். வாய் திறக்குமுன் முதலாளியம்மாவின் போன் அடித்தது. "ஆமாப்பா, டிரைவர் வேலைதான். லைசென்ஸ் எடுத்துட்டு நாளைக்கு வா" என்று சொல்லி வைத்தார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! பயம் போய் அவருக்குக் கோபமே வந்தது.

"வெளிய அனுப்புறதுன்னா அனுப்புங்க. கணக்க ஒழுங்காப் பாத்துட்டு அனுப்புங்க."

முதலாளியம்மா பார்த்தார். வியாழன் ரீசார்ஜ் செய்த ஆயிரம் வரவில் இருந்தது. ஒவ்வொரு முறை பணம் கழிந்த பிறகும் மீதி சரியாகவே இறங்கியிருந்தது.

"காசு லேட்டா கூட எடுப்பாங்கம்மா. அது காசு எடுத்த நேரமா, வண்டி கடந்த நேரமா?"

இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. வண்டி கடந்த நேரத்தின் மேல் முதலாளியம்மா விரல் வைத்தார். அதுவும் வெள்ளிக்கிழமைதான். ஆமையின் முகம் தொங்கிப்போனது.

முதலாளியம்மாவின் விரல் மேல் வரிக்குப் போய், கீழ் வரிக்கு வந்து, மறுபடி மேலே போனது. வடக்குச் சாவடி, பத்து மணி ஐந்து. தெற்குச் சாவடி, பத்து இருபது.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் அண்ணே?"

"ரெண்டு மணி நேர ஓட்டம்."

"நீங்க ஓட்டினா மூணு." சிரிப்பு பீறிட்டது. "வடக்குல தொண்ணூறு எடுத்திருக்கான், தெற்குல முந்நூறு. இது லாரிக் கட்டணம். எவனோட வண்டியோ நம்ம கணக்குல ஏறியிருக்கு!"

உதவி எண்ணுக்குப் பேசி, அந்த வரியின் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்தார். சாவடிப் படத்தைச் சரிபார்ப்பார்களாம், தவறென்றால் பணம் கணக்குக்கே திரும்புமாம். புகார் பதிவானது.

போனை வைத்தவர் ஆமையின் பக்கம் திரும்பினார். "உங்களக் கேக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"ஆமாம்மா, தப்புதான்" என்றார் ஆமை. மனசில் இருந்ததைச் சொன்னதும் பாரம் இறங்கியது.

முதலாளியம்மா மறுபடி போனை எடுத்து, அவர் எதிரிலேயே பேசினார்.

"தம்பி, நாளைக்கு வர வேணாம்ப்பா. எங்ககிட்ட டிரைவர் இருக்காரு."