நாற்பத்தெட்டு மணி நேரம்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள். ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தான். அவனுடைய கபடி அணியில் மிச்சமிருந்ததே ஒன்பது பேர். அதில் ஐந்து பேருக்கு ஞாயிறு காலை வேலை. ஞாயிறு ஒன்பது மணிக்கோ லீக்கின் கடைசிச் சுற்று. தோற்றால் அரையிறுதி இல்லை.

உடனே கேப்டன்கள் குழுவில் எழுதினான்: ‘ஞாயிறு ஆட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டுகிறோம்.’ எதிரணிக் கேப்டனான சலூன்காரர், ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று பெருந்தன்மையாகவே பதில் போட்டார். லீக் செயலாளரான பி.டி. மாஸ்டர் மட்டும் அசையவில்லை. விதிமுறையை மறுபடி குழுவில் போட்டார்: தேதி மாற்றம் நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே கேட்கப்பட வேண்டும், எதிரணி ஒப்பினாலும் விலக்கு இல்லை, ஐந்து பேர்கூட இல்லாத அணி, கால் மணி நேரம் கழிந்தால் தோற்றதாகக் கொள்ளப்படும்.

ஓட்டுநர் போன் போட்டான்.

“மாஸ்டர், பட்டியலே இப்பதான் வந்துச்சு. நாங்க என்ன பண்றது?”

“எதிரணி ஒப்பினாலும் விலக்கு இல்லைன்னு ரெண்டாவது வரிய யார் சேக்கச் சொன்னது? போன சீசன்ல கடைசி நேரத்துல ஆட்டத்த மாத்துறாங்கன்னு மீட்டிங்ல குதிச்சீங்களே, மறந்துடுச்சா? உங்களுக்கு விட்டுக்கொடுத்தா மத்த ஏழு டீமும் என்னைப் பிச்சுத் தின்னுடும்.”

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினான்.

கையில் இருந்தது நாலு பேர். இன்னும் ஒருவன் வேண்டும். மனைவியின் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டான். அணியின் சிறந்த ரெய்டர் அவன். கிடங்கில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

“எட்டரைக்கு டீ பிரேக்ல நழுவிடு. ரெண்டு மணி நேரத்துல திரும்பிடலாம்.”

“சூப்பர்வைசர் பாத்துட்டா, மாமா?”

“நான் பேசிக்கிறேன்டா.”

ஞாயிறு ஒன்பது மணிக்கு எதிரணி ஏழு பேரும் கபடி விரிப்பில் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் நாலு பேர். ஓட்டுநர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதே காலுக்கு நடுவர் விசில் ஊதினார். சலூன்காரர் கையைக் குலுக்கியபோது ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மைத்துனன் ஓடிவந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. கிடங்குச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. “பஸ் கிடைக்கல மாமா... பாதி தூரம் ஓடித்தான் வந்தேன்” என்றான். விரிப்பைப் பார்த்ததுமே ஆட்டம் போய்விட்டது என்று புரிந்துகொண்டான்.

அவன் திரும்பிப் போனபோது கிடங்குக் கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சினான். “உன் வேலையப் பாத்துக்க. அது பத்திரமா இருக்குதேன்னு சந்தோஷப்படு” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழுது கண்கள் வீங்கியிருந்தன.

“தம்பிக்கு வேலை போயிடுச்சாம். ஷிப்ட்ட விட்டுட்டு வெளிய போனானாமே. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். உங்களுக்குத் தெரியுமா?”

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றான்.

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.