படித்துக் காட்டப்பட்டது

மஹாதேவன் மாமாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன், மனசாவது ஆறியிருக்கும். மனுஷர் ஒழுங்கானவர். அந்த ஒழுங்குதான் பரமசிவம் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

எனக்குப் பிழைப்பு மொழிபெயர்ப்பு. பாலிகஞ்சில் ஒரு விளம்பரக் கம்பெனி. சோப்பு, டானிக், பல்பொடி எல்லாம் இங்கிலீஷில் வரும், நான் தமிழில் பேச வைக்க வேண்டும். இங்கிலீஷ்காரனுக்கு 'ஏ', 'தி' இரண்டும் இல்லாமல் வாயே திறக்க வராது. நமக்கு அது தேவையே இல்லை. 'ஆஸ்க் ஏ டாக்டர்' என்று இருந்தால் 'டாக்டரைக் கேளுங்கள்' என்று எழுதுவேன். 'ஒரு டாக்டரைக் கேளுங்கள்' என்று எழுதினால், ஏன், இரண்டு பேரைக் கேட்டால் என்ன என்று படிக்கிறவன் சிரிப்பான். 'ஏ ஸ்பூன்' என்றால் மட்டும் 'ஒரு ஸ்பூன்' என்று விட்டுவைப்பேன், அது அளவு. இப்படி வெட்டுவதும் விடுவதுமாக என் நாள் போகும். வத்சலா வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்று ஆபீசில் என்னைச் சொல்வார்கள். இரண்டுமே நிஜம்தான்.

பூங்கோதையை எனக்குக் கரியாஹாட் மார்க்கெட்டில் பழக்கம். முருங்கைக்காய் வந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரே கூடைக்காரியிடம் போய் நிற்போம். அவள் புருஷன் பரமசிவம் ஜாதவ்பூர் பக்கம் ஒரு சர்க்கார் கம்பெனியில் செம்புக்கம்பி குடோனைப் பார்த்துக்கொள்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இந்தப் பெங்காலி ஊருக்கு வந்து ரொம்ப காலமாச்சு, கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் குடும்பம்.

ஒருநாள் பூங்கோதை காய்கறிப் பையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பைக்குள் காய் இல்லை, காகிதம்தான் இருந்தது.

"அக்கா, இவங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்க. திருடன்னு எழுதியிருக்காம். என்னன்னு தமிழ்ல சொல்லுங்க."

படித்தேன். குடோனிலிருந்து செம்புக்கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருந்தன. பூட்டு உடையவில்லை. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பரமசிவத்திடம், சாயங்காலம் பூட்டிவிட்டு கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று ஸ்டோர்ஸ் ஆபீசர் அலமாரியில் இருக்க வேண்டியது, அங்கே இல்லை. அது யாரிடம் போனது என்பதுதான் விசாரணை. பரமசிவத்தின் வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு வரி: 'ஐ லாக்ட் தி கோடவுன் அண்ட் கேவ் ஏ கீ அட் தி கேட்.'

வேலைநீக்க ஆர்டரில் இந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சாவி வைத்திருந்தவன் 'தி கீ' என்பான். இவன் 'ஏ கீ' என்கிறான். ஆகவே இவனிடம் ஒன்றுக்கு மேல் இருந்திருக்கிறது, அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டான். இங்கிலீஷை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை கிடையாது. அதற்கப்புறம் அலமாரியைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கீழே பரமசிவம் கையெழுத்து. அதற்கு மேலே: 'தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டார். மொழிபெயர்த்தவர்: மஹாதேவன்.'

மாமாவை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். லேக் பக்கம் வீடு, எங்கள் அப்பாவுக்குச் சினேகிதர். அந்தக் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசில் வேலை; தமிழாட்களுக்கு ஏதாவது என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நேராகப் போய் நின்றேன். காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், நான் காபியை வேண்டாம் என்கிறவள் இல்லை.

"மாமா, பரமசிவம் அன்னிக்கு என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

யோசித்துவிட்டுச் சொன்னார். "குடோனப் பூட்டிட்டு சாவிய கேட்ல குடுத்துட்டுப் போயிட்டேன். இவ்வளவுதான்."

"அப்போ 'ஏ கீ'ன்னு ஏன் எழுதினேள்?"

"அவன் 'அந்தச் சாவி'ன்னு சொல்லலையேம்மா. 'அந்த'ன்னு இருந்தாத்தான் 'தி' போடணும். சொல்லாததை நான் போட்டா அவன் வாயில வார்த்தையத் திணிச்ச மாதிரி ஆயிடும். 'ஏ'ன்னா யாரையும் குத்தாது, பொதுவா இருக்கும்னு போட்டேன்."

"அவர் 'ஒரு சாவி'ன்னும் சொல்லலையே மாமா. 'ஏ' மட்டும் திணிச்சதில்லையா?"

நான் விடவில்லை.

"ஒண்ணும் போடாம விட இங்கிலீஷ் விடாது. ஏதோ ஒண்ணைப் போட்டுத்தான் ஆகணும். அதுக்கு அவர் துப்புக் குடுத்திருக்காரே. 'சாவி குடுத்தேன்'னு சொல்லலை, 'சாவிய'ன்னார். உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்ச சாவி, என்கிட்ட இருக்கிற சாவின்னு அர்த்தம். குடோனுக்கு மட்டும் 'தி' போட்டிருக்கேளே, அங்க எந்த 'அந்த'வைக் கண்டேள்?"

"குடோன் ஒண்ணுதானே இருக்கு," என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. பூட்டுக்கு இரண்டு சாவி என்பது அவருக்கும் தெரியும். அது தெரிந்ததனாலேயே 'ஏ' என்று கை போயிருக்கிறது.

"ஆனா படிச்சுக் காட்டினேனே வத்சலா. வரிக்கு வரி படிச்சேன். சரின்னானே."

"எப்படிப் படிச்சேள்?"

"'கேட்ல சாவியக் குடுத்தேன்'னு."

எனக்கு வந்த கோபத்தை மாமா மேல் காட்ட முடியவில்லை. ஏனென்றால் நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். 'ஒரு சாவி குடுத்தேன்' என்று அந்த 'ஏ'யைத் தமிழில் விட்டுவைத்திருந்தால், பரமசிவம் அங்கேயே எழுந்து "ஒரு சாவியா, எங்கிட்ட இருந்ததே அதுதானே சார்" என்று சொல்லியிருப்பார். மாமா வாய் தமிழ் வாய். இங்கிலீஷில் நுழைத்ததைத் தமிழில் படிக்கும்போது தானாகவே உதிர்த்துவிட்டது. ஆகவே தான் சொன்னதையே பரமசிவம் திரும்பக் கேட்டார். சரி என்றார். எழுதியது வேறு.

"மாமா, அப்பீல்ல வந்து இதைச் சொல்வேளா?"

ரிட்டயராக இருக்கிற மனுஷர். தப்புப் போட்டேன் என்று வாயால் சொன்னால் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். "வரேன்," என்றார்.

வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்பீலைக் கேட்டவர் கம்பெனி மேலதிகாரி லாஹிரி சாஹேப். நல்ல படிப்பு, நிதானமான பேச்சு. பரமசிவத்துக்கு மொழிபெயர்க்க யூனியன் என்னை அழைத்துப் போயிருந்தது. லோட்ஷெட்டிங், ஃபேன் நின்று எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. மாமா எழுந்து நின்று, தமிழில் இந்த இரண்டு சொல்லும் கிடையாது, நான் போட்டது என் தவறு, அவன் சொன்னது 'தி கீ' என்றுதான் வரவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"தமிழில் இவருக்குப் படித்துக் காட்டினீர்களா?" என்று லாஹிரி கேட்டார்.

"காட்டினேன்."

"இவர் சரி என்றாரா?"

"என்றார். ஆனால் நான் படித்தபோது..."

நான் குறுக்கிட்டு, படிக்கும்போது அந்தச் சொல் எப்படி உதிர்ந்தது என்று விளக்கினேன். சோப்பு விளம்பரத்திலிருந்து டாக்டர் வரைக்கும் உதாரணம் சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது," என்றார். "ஒரே மேஜை, ஒரே காகிதம், ஒரே மனிதர். எழுதியது ஒன்று, படித்தது ஒன்று என்கிறீர்கள். தமிழை யாரும் எழுதி வைக்கவில்லை. இவர் கையெழுத்து எதன் கீழ் இருக்கிறது?"

இங்கிலீஷின் கீழ்தான் இருந்தது. விசாரணையில் தமிழை எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது.

"இதை ஏற்றுக்கொண்டால், இந்தக் கம்பெனியில் தமிழாட்கள் கொடுத்த ஒவ்வொரு வாக்குமூலத்தையும் நான் திறக்க வேண்டும்," என்றார். திறந்தால்தான் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. பரமசிவத்துக்காக விழுங்கிக்கொண்டேன்.

அப்போது பரமசிவம் தானாகவே எழுந்தார். நான் மொழிபெயர்க்கக் காத்திருக்காமல் தன் உடைந்த பெங்காலியில் நேராகச் சொன்னார். "சாஹேப், சாபிடா கேட்டே தியெச்சி."

சாவியைக் கேட்டில் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். லாஹிரியின் பேனா நின்றுவிட்டது. பெங்காலியில் 'சாபி' என்றால் வெறும் சாவி. 'சாபிடா' என்றால் அந்தக் குறிப்பிட்ட சாவி. 'டா' ஒட்டிக்கொண்டால் சந்தேகத்துக்கே இடமில்லை, அது 'தி கீ'தான். தினமும் டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு தீதியிடம் அவர் பேசுகிற பாஷை அது.

"அன்றைக்கே ஏன் பெங்காலியில் சொல்லவில்லை?" என்று லாஹிரி கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பரமசிவம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "தாய்ப்பாஷைல சொன்னா தப்பு வராதுன்னு யூனியன்ல சொன்னாங்கம்மா."

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். கடைசியில் லாஹிரி, இன்று சொல்வது யோசித்துச் சொல்வதாகத்தான் கருதப்படும், அன்று சொன்னதுதான் கணக்கு என்றார். அதைச் சொல்லும்போது அவர் பரமசிவத்தைப் பார்க்கவில்லை. மாமா கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதாரா, வேர்த்ததா என்று நான் கேட்கவில்லை.

உத்தரவு வந்த அன்று பரமசிவத்தோடு நான்தான் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மாமாவை மொழிபெயர்ப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர் இடத்தில் படித்துக் காட்ட யூனியன் அனுப்பிய ஆள் நான். பூங்கோதை கேட் வெளியே நின்றாள். குவார்ட்டர்ஸில் பாத்திரம் பண்டமெல்லாம் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மூன்றே வரி. அப்பீல் தள்ளுபடி. வேலைநீக்கம் உறுதி. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தமிழில் படித்துக் காட்டினேன். கீழே அதே அச்சடித்த வாசகம்: 'படித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டார்.'

பரமசிவம் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நின்றார்.

"அம்மா, இதுல அந்த மாதிரி சின்ன எழுத்து ஏதாவது மாறியிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு 'ஏ' தப்பாக விழுந்திருக்காதா, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சண்டை போடலாமா என்று தேடினேன். தி அப்பீல். தி டிஸ்மிஸல். தி குவார்ட்டர்ஸ். லாஹிரி சாஹேபின் இங்கிலீஷில் ஒரு குறை கிடையாது.

"இல்ல பரமசிவம்," என்றேன். "இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்பச் சரிம்மா," என்று கையெழுத்துப் போட்டார்.