பதினான்கு முதல் பதினாறு வரை

காரைக்கால் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் என் அலுவலகம். 'கல்யாணசுந்தரி, மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை இருக்கும். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் ஒரே வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்: 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக உள்ளது.' அந்த வாசகத்துக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள். மொழிபெயர்ப்பை இப்போது போனே செய்துவிடுகிறது.

அன்று பிற்பகல் படியேறி வந்தவள் காசியம்மா. திருமலைராயன்பட்டினத்து மீனவப் பெண், முப்பது வயதிருக்கும். போன வருடம் நடுக்கடலில் ஒரு விசைப்படகு மோதி அவளுடைய புருஷன் கருப்பையன் செத்துப்போனான். அந்தச் சின்னப் படகில் கூட இருந்தவன் கருப்பையனின் அண்ணன் முத்தையன். அவன் மட்டும் பிழைத்தான். விசாரணை அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. முத்தையன் தமிழில் கொடுத்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருந்தது. ஆங்கிலமாக்கிக் கொடுத்தவள் நான்.

"உத்தரவு வந்து மூணு மாசமாச்சும்மா. விசைப்படகு மேல தப்பு இல்லைன்னு முடிச்சிட்டாங்க. எங்க மூத்தாரே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காராம். அவரு வாயால என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும். இதத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க," என்று என் ஆங்கிலப் பிரதியை நீட்டினாள்.

"இதை எதுக்கு மறுபடி தமிழாக்கணும்? அவர் சொன்ன தமிழே எங்கிட்ட இருக்கு," என்று அலமாரியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருப்பேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடுதான் உட்கார்ந்தேன்.

நாலு பக்கம், ஒரே பத்தி. வாக்குமூலம் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நடுவில் இடம் விட்டால் பிறகு யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்களாம். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, அவள் தன் விரலை ஆங்கிலப் பிரதியின் மேல் சும்மா நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது.

"'...கிழக்கு வெளுத்துவிட்டது. வலை தண்ணீருக்குள் கிடந்ததால் படகை நகர்த்த முடியவில்லை. எதிரே வந்த விசைப்படகின் நிறம்கூடத் தெரிந்தது. சிவப்புத் துண்டைக் கம்பில் கட்டி ஆட்டினேன். அவர்கள் திருப்பவில்லை. மறுபடியும் ஆட்டினேன்...'"

காசியம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"துண்ட ஆட்டுனாரா?"

"ஆமாம், அப்படித்தான் இருக்கு."

"இங்கிலீஷ்ல அது எங்க இருக்கு? காட்டுங்கம்மா."

பிரதியை வாங்கித் தேடினேன். கிழக்கு வெளுத்தது இருந்தது. வலை இருந்தது. அதற்கடுத்து மோதல். இரண்டுக்கும் நடுவில் அழகான ஆங்கிலத்தில், இரண்டு வரி நீளத்துக்கு ஒரு வாக்கியம்: மூடுபனி அடர்ந்திருந்ததால் எதிரே எதுவும் தெரியவில்லை.

இன்னொரு தடவை தேடினேன். தேடுகிற மாதிரி நடித்தேன் என்பதே சரி.

முன்பெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்வேன். பத்தி எவ்வளவு நீளமானாலும் பென்சிலால் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போடுவேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டுக்கும் டிக். விட்டுப்போனதைப் பிடிக்கத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு தடவை, கூடுதலாக நுழைந்ததைப் பிடிக்க ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இன்னொரு தடவை. மொழிபெயர்ப்பு இயந்திரம் வந்து, அதன் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்க ஆரம்பித்ததும் எனக்குச் சோம்பல் ஏறிவிட்டது. இந்த நாலு பக்கத்தையும் மொத்தமாக அதற்குள் போட்டேன். வந்ததில் பெயர், தேதி, முதல் வரி, கடைசி வரி பார்த்தேன். நீளமும் வழக்கமாக வருகிற அளவுதான் இருந்தது. தடங்கல் இல்லாமல் படிக்க முடிந்ததால் கையெழுத்துப் போட்டேன்.

"கொஞ்சம் உட்காரும்மா," என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

முப்பத்தோரு பகுதிகள் வந்தன. பதின்மூன்றுவரை டிக் விழுந்தது. பதினான்கு, துண்டை ஆட்டியது: ஆங்கிலத்தில் இல்லை. பதினைந்து, அவர்கள் திருப்பாதது: இல்லை. பதினாறு, மறுபடி ஆட்டியது: இல்லை. ஒன்றுபோல இருக்கும் வரிகள் அடுத்தடுத்து வந்தால் இயந்திரம் சில சமயம் தாண்டிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பிறகு திருப்பி, ஆங்கிலத்திலிருந்து வந்தேன். மூடுபனி வாக்கியத்துக்குத் தமிழில் ஜோடியே இல்லை. 'நிறம்கூடத் தெரிந்தது' என்று முத்தையன் சொன்ன பதின்மூன்றாம் பகுதிக்கு நான் போட்டிருந்த டிக்கும் தப்பு; அவசரத்தில் மூடுபனியைப் பார்த்து அதற்கு டிக் போட்டிருக்கிறேன். அழித்தேன். போனது நாலு, வந்தது ஒன்று. அந்த ஒன்றும் நீளமாக இருந்ததால் பக்கத்தில் ஓட்டை தெரியவில்லை.

இரண்டு மொழியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஆள் அந்தக் கோப்பைத் தொட்டதே இல்லை, என்னைத் தவிர. இப்போது நான் 'எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு' என்று சொன்னால் கதை முடிந்தது. அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன், வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"காசியம்மா, அவர் சொன்னது இதில் இல்லை. அவர் சொல்லாத ஒண்ணு இருக்கு. மிஷின் விட்டிருக்கு. நான் பார்க்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"துண்ட ஆட்டுனேன், ஆட்டுனேன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரும்மா. 'நீ குடுத்த வாக்குமூலத்துலயே இல்லயே, தம்பியச் சாவக் குடுத்துட்டு இப்ப கத சொல்றியா'ன்னு எல்லாரும் கேட்டாங்க. நானும் கேட்டேன். தலைத்திவசத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. பையப் புடுங்கித் தெருவுல வீசுனேன். அரிசி பொறுக்கிட்டுப் போனாரு."

"இப்ப எங்க இருக்கார்?"

"மங்களூர்ப் பக்கம் படகுக்குப் போயிட்டாருன்னாங்க. ரெண்டு மாசமாச்சு. போனு அடிச்சா அணைச்சு வச்சிருக்குன்னு வருது."

விசாரணை அதிகாரிக்கு அப்போதே கடிதம் எழுதினேன். முப்பத்தோரு வரிசைகளும் எதிரெதிராக, இல்லாத இடத்தில் 'இல்லை' என்று, மூலத்தில் இல்லாத வாக்கியத்தின் அடியில் கோடு போட்டு. கடைசியில், 'ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒப்பிட்டதாகக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. முடிந்த உத்தரவை அவர்கள் மறுபடி திறப்பார்களா என்று காசியம்மா கேட்டாள். தெரியாது என்றேன். இனி யாரும் என்னிடம் வருவார்களா என்பதும் தெரியாது. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

அவள் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அந்த மூணையும் மறுபடி படிங்கம்மா. நான் பதிவு பண்ணி அவருக்கு அனுப்புறேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. காயிதத்துல இருக்குன்னு அவரு காதுல விழட்டும்."

படித்தேன். துண்டை ஆட்டினேன். அவர்கள் திருப்பவில்லை. மறுபடியும் ஆட்டினேன். என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அப்படியே விட்டோம். கடைசியில் அவள் போனுக்கு நேராகக் குனிந்து, "வீட்டுக்கு வாங்க மாமா," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

போன் திரையில் ஒரு டிக் விழுந்தது. செய்தி இங்கிருந்து போயிருக்கிறது, அங்கே சேரவில்லை. இரண்டாவது டிக்குக்காக இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டினத்துக்குக் கடைசி பஸ் என்று அவள் எழுந்தபோதும் ஒன்றுதான் இருந்தது.