திரும்பிப் பார்த்த முகம்

"போனவன் ஒரு தடவை திரும்பிப் பாக்கலையேடி" என்று அம்மா ஒரு வருஷமாகப் புலம்பினாள். அதனால்தான் அக்கா, தம்பியின் நினைவுநாள் வீடியோவில் சேர்க்க, அவன் கடைசியாகக் கிளம்பியபோது பதிவான காட்சியைத் தேர்ந்தெடுத்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருந்தான்.

முழுவதையும் பின்னோக்கி ஓட்டியபோது, அவன் நடை கேலிக்கூத்தாகத் தெரிந்தது. முகம் திரும்பும் ஒரு நொடியை மட்டும் வெட்டி, மெதுவாகப் பின்னோக்கி ஓடவிட்டாள்; போகிறவன் திரும்பிப் பார்ப்பதுபோல் ஆனது. மங்கல் இல்லாத ஒரு பிரேமில் சிரிப்பை இரண்டு நொடி நிறுத்தினாள். தெருச் சத்தத்தை மட்டும் முன்னோக்கியே ஓடவிட்டாள்.

அம்மா பார்த்தாள்.

"பாத்திருக்கான்டி. நான்தான் அதுக்குள்ள உள்ள போயிட்டேன், பாவி."

அக்கா, தான் திருப்பி ஓட்டிய அந்த ஒரு நொடியை அம்மாவுக்காக மறுபடி ஓடவிட்டாள்.