காலாவதியான கணக்கு

மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில் உள்ள அன்னாசித் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் சுபத்திரா ஓர் ஒப்பந்த ஊழியர். பயிற்சி மாணவர்கள், ஒப்பந்தக்காரர்கள் எல்லோருடைய கணினிக் கணக்கிலும் வேலை முடியும் நாளையே காலாவதித் தேதியாகப் போட்டு வைத்தவள் அவள்தான். அதற்கு முன்பு, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் மூடப்படாமலே கிடந்தன.

திங்கட்கிழமை காலை அவள் கடவுச்சொல்லை அடித்தாள். கணக்கு காலாவதியாகிவிட்டது என்று திரை சொன்னது.

பக்கத்து மேசையில் இருந்த நிரந்தர ஊழியன் செல்வா சிரித்துவிட்டான். “அலமாக்! உங்களையே வெளிய தள்ளிடுச்சா அக்கா? தேதிய நான் மாத்திடறேன்லா.”

“வேணாம் செல்வா. கான்ட்ராக்ட நீட்டிச்சாச்சுன்னு மேனேஜர் வாயாலதான் சொன்னாங்க. முதல்ல இமெயில் வரட்டும். மத்தவங்களுக்கும் அப்படித்தானே செய்யிறோம்?”

விஷயம் கேட்ட மேலாளர் பிரேமலா, தான் மறந்துவிட்டதாகச் சொல்லி உடனே மின்னஞ்சல் அனுப்பினார். செல்வா சுபத்திராவின் கணக்கில் புதிய ஒப்பந்தம் முடியும் தேதியைப் போட்டான். உள்ளே நுழைந்து பார்த்தால், அவளுடைய கோப்புகள் எல்லாம் வைத்தபடியே இருந்தன.

“கோவம் வரலையா அக்கா?”

“எதுக்கு? யாருன்னு பார்க்காம சரியா மூடியிருக்கு. நல்லாதான் செஞ்சிருக்கேன்.”

சிரித்துக்கொண்டே அவள் அன்றைய வேலையைத் தொடங்கினாள்.